வரைபடம் விட்டுவிட்ட வயல்கள்

1972ஆம் ஆண்டுக் கோடையில் சோவியத் ஒன்றியத்தின் தானியக் கொள்முதல் அதிகாரிகள் அமெரிக்காவில் நிறுவனம் நிறுவனமாகப் பேரம் பேசிக் கோதுமையை வாங்கிக் குவித்தார்கள். அவர்கள் நாட்டில் அந்த ஆண்டு விளைச்சல் பொய்த்திருந்தது. எந்த அளவுக்குப் பொய்த்தது என்பது வாஷிங்டனுக்குத் தெரியாது. ஏற்றுமதி மானியமும் கொடுத்து மலிவாக விற்று முடித்த பிறகுதான் நடந்தது புரிந்தது. அதற்குள் அமெரிக்காவிலேயே உணவு விலை ஏறத் தொடங்கிவிட்டது. "பெரும் தானியக் கொள்ளை" என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்தன.

அதே ஆண்டு ஜூலையில்தான், பிற்பாடு லேண்ட்சாட் என்று அழைக்கப்பட்ட வரிசையின் முதல் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. இரண்டையும் முடிச்சுப் போட அதிக காலம் ஆகவில்லை. 1974இல் நாசாவும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் கடல், வளிமண்டல ஆய்வு நிர்வாகமும் சேர்ந்து 'லேசி' என்ற திட்டத்தைத் தொடங்கின. அடுத்த நாட்டு வயலில் கால் வைக்காமலே அங்கே எவ்வளவு கோதுமை நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

ஹூஸ்டனில் இருந்த ஆய்வாளர்களின் மேஜைக்குச் செயற்கைக்கோள் படங்கள் துண்டு துண்டாக வந்தன. ஒரு துண்டு தரையில் சுமார் 9 கிலோமீட்டருக்கு 11 கிலோமீட்டர். படத்தில் 117 வரி, வரிக்கு 196 பிக்சல். முதலில் அவர்கள் செய்தது யாருக்கும் தோன்றக்கூடிய வழிதான். கோதுமை என்று தெரிந்த சில வயல்களைக் கணினிக்குக் காட்டினார்கள். அது மற்ற பிக்சல்களைத் தரம் பிரித்தது. கோதுமை என்று விழுந்த பிக்சல்களை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை நம்பும்படியாக இல்லை.

பிறகு வந்த முறைக்கு 'முதல் செயல்முறை' என்று சாதுவான ஒரு பெயர். துண்டுப் படத்தின் மீது பத்து பிக்சலுக்கு ஒன்றாக 209 புள்ளிகள் கொண்ட கட்டம் விரித்தார்கள். ஆய்வாளர் அவற்றில் ஒரு பகுதியைப் பார்த்து, இது கோதுமை, இது இல்லை என்று குறித்தார். அவை கணினிக்குச் சொல்லிக்கொடுக்க. இன்னொரு பகுதிப் புள்ளிகளைத் தனியே ஒதுக்கிவைத்தார்கள். கணினி தன் வேலையை முடித்த பிறகு, அது சொன்ன பரப்பைத் திருத்துவதற்கு மட்டும் அவை பயன்பட்டன. அந்த இரண்டாவது வகைப் புள்ளிகளின் வாரிசுகளைக் கொண்டுதான் இன்றைக்கும் உலகெங்கும் பயிர்ப் பரப்பு மதிப்பிடப்படுகிறது.

பிக்சலை எண்ணினால் ஏன் போதாது? வரைபடம் தவறு செய்கிறது என்பது மட்டும் காரணமல்ல. அது இரண்டு திசையில் தவறு செய்கிறது. பயிர் இல்லாத இடத்தைப் பயிர் என்று சேர்த்துக்கொள்ளும். பயிர் உள்ள இடத்தைப் பார்க்காமல் விட்டுவிடும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, மொத்தம் தற்செயலாகச் சரியாக வந்துவிடும். அப்படி இருந்துவிடும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அமெரிக்க வேளாண்மைப் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் நாடு முழுவதற்கும் பயிர் வரைபடம் வெளியிடுகிறது. அதன் பிக்சல்களை எண்ணிப் பரப்புக் கணக்கு சொல்ல வேண்டாம், பெரும்பாலும் குறைவாகவே வரும் என்று அந்தத் துறையே எச்சரிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு மையத்தில் இருந்த ஹாவியர் கயேகோ இதைவிடச் சங்கடமான ஒன்றையும் சுட்டிக்காட்டினார்: தரம் பிரிக்கும் அளவுகோலைச் சற்றே தளர்த்தியோ இறுக்கியோ, வேண்டிய பரப்பை வரவழைத்துவிடலாம். மேலிடம் எதிர்பார்க்கும் எண் என்னவென்று தெரிந்த அலுவலகத்தில் இது சின்ன விஷயமல்ல.

கணக்கைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. நிலமும் பருவமும் காவிரிப் படுகையில் இருப்பவை. படுகையின் நெல்லை ரேடார் படங்களிலிருந்து வரைபடமாக்கும் வேலையைக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து உண்மையிலேயே செய்திருக்கிறது. ரேடாரை நாடுவதற்குக் காரணம் வடகிழக்குப் பருவமழை. சம்பா வளரும் மாதங்களில் வானம் மூடிக்கிடக்கும். சாதாரணப் படத்தில் மேகம்தான் தெரியும். ரேடார் அலை மேகத்தைத் துளைத்துக்கொண்டு போகும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் அந்த அலையைக் கண்ணாடிபோல வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுத்துக்கொண்டே வரும். கருப்பிலிருந்து வெளுப்புக்குப் போகும் அந்தப் பயணம்தான் நெல்லின் அடையாளம்.

நம் மாவட்டத்தின் பரப்பு 2,00,000 ஹெக்டேர். ரேடார் வரைபடம் அதில் 80,000 ஹெக்டேரை நெல் என்கிறது. மீதி 1,20,000 ஹெக்டேர் நெல் அல்லாதது. பிக்சலை எண்ணுபவர் 80,000 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

மாதிரிப் புள்ளி முறையில் இந்த வரைபடம் விடையாவதில்லை. மாவட்டத்தை இரண்டு அடுக்குகளாகப் பிரித்துத் தருகிறது. 'நெல்' அடுக்கு மாவட்டத்தில் 40 சதவீதம். 'மற்றவை' அடுக்கு 60 சதவீதம். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் கணினி குலுக்கல் முறையில் 200 புள்ளிகளை எடுக்கிறது. எந்தப் புள்ளி விழ வேண்டும் என்பதில் மனிதக் கை படக் கூடாது. சாலையோரம் எளிதாகப் பார்க்கலாமே என்ற சலுகையும் கிடையாது. பிறகு அந்த 400 புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வரைபடத்தைவிட நம்பகமான படங்களைக் கொண்டு ஒரு மனிதர் தீர்ப்புச் சொல்கிறார்.

அந்த மேஜையில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முறையின் பலம், பலவீனம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பார்ப்பவருக்கு முன்னால் திரையில் பத்து மீட்டர் சதுரம் ஒன்று. அதன் கீழே வரப்பும் வாய்க்காலும் தெரியும் அளவுக்குத் தெளிவான படம். பக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாக வரிசைப்படுத்திய, தெளிவு குறைந்த படங்கள். அதற்கும் கீழே அந்த இடத்தின் பச்சையம் பருவம் முழுவதும் ஏறி இறங்கியதைக் காட்டும் கோடு. வரைபடம் இந்தப் புள்ளியை என்னவென்று சொன்னது என்பது அவருக்குக் காட்டப்படுவதில்லை. காட்டினால் சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் மனம் வரைபடத்தின் பக்கம் சாயும். வரைபடத்தின் தவறுகள் மறைந்துபோகும்.

அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதை நெல் என்று எண்ணப்போகிறோம் என்பது. 'சம்பா நெல்' என்று சொன்னால் போதாது. குறுவை அறுத்த வயலில் தாளடி நட்டிருப்பார்கள், அதையும் சேர்ப்பதா? எனவே வேலை தொடங்கும் முன்பே ஒரு வரையறை எழுதப்படுகிறது: டிசம்பர் நடுவில் நெல் நிற்கும் நிலம், அது சம்பாவோ தாளடியோ. வரப்பு? சதுரத்தில் பாதிக்கு மேல் வயலாக இருந்தால் வரப்போடு சேர்த்து நெல் என்று கொள்வது என்று ஒரு முடிவு. வரப்பைத் தனியே கழிப்பது என்று இன்னோர் அலுவலகம் முடிவெடுத்தால் இரண்டு மதிப்பீடுகளையும் ஒப்பிட முடியாமல் போகும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோடு பொருத்திப் பார்க்கப்போகிறோமா என்பதையும் இப்போதே யோசித்துவிடுவது நல்லது.

அடுத்து அடையாளம் காணும் சிக்கல். அக்டோபர் வாக்கில் தண்ணீர், பிறகு பச்சை ஏறி டிசம்பரில் உச்சம், தை பிறந்த பின் இறக்கம் என்றால் நெல். வாழையும் தென்னந்தோப்பும் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும். கரும்பு பன்னிரண்டு மாதம் நிற்கும். கடலோரத்து இறால் குட்டை செவ்வகமாக, எப்போதும் தண்ணீராக இருக்கும். குழப்புவது கோரை மண்டிய ஏரி ஓரம்தான்: அதுவும் தண்ணீரில் தொடங்கிப் பச்சைக்கு வரும். ஆனால் அதை யாரும் அறுப்பதில்லை. தையில் அந்தக் கோடு சட்டென்று விழாது. அனுபவம் குறைந்தவர்கள் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். மிகத் தெளிவான படம் பல நேரங்களில் மே மாதத்ததாக இருக்கும். அதில் படுகை முழுவதும் வெடித்துக் கிடக்கும் தரிசு. படத்தின் அழகில் மயங்கித் தேதியைப் பார்க்காதவர் 'தரிசு' என்று குறித்துவிடுவார். பிப்ரவரிப் படமாக இருந்தால் உளுந்து தெரியும். அதற்கு முன் அங்கே நெல் இருந்ததா என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.

இப்படி 400 புள்ளிகளும் முடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். நெல் அடுக்கின் 200 புள்ளிகளில் 184 உண்மையிலேயே நெல், 92 சதவீதம். மற்றவை அடுக்கின் 200 புள்ளிகளில் 24 நெல், 12 சதவீதம்.

இப்போது பரப்பு. முதல் அடுக்கு 80,000 ஹெக்டேர். அதில் 92 சதவீதம் என்றால் 73,600. இரண்டாம் அடுக்கு 1,20,000 ஹெக்டேர். அதில் 12 சதவீதம் என்றால் 14,400. இரண்டையும் கூட்டினால் 88,000 ஹெக்டேர். வரைபடத்தைவிட 8,000 ஹெக்டேர் அதிகம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது: வரைபடம் தவறாகச் சேர்த்துக்கொண்டது 6,400 ஹெக்டேர், கவனிக்காமல் விட்டது 14,400.

இதே வரைபடத்தின் துல்லியம் என்ன என்று கேட்டால் கிட்டத்தட்ட 90 சதவீதம் என்று விடை வரும். விழா மேடையில் சொல்லிக்கொள்ளத்தக்க எண்தான். ஆனால் பரப்பு பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தப்பியிருக்கிறது என்பதை அந்த 90 காட்டிக்கொடுக்காது. துல்லிய விகிதத்தை மட்டும் அச்சிட்டுவிட்டுப் பரப்பைப் பிக்சல் எண்ணிச் சொல்லும் அறிக்கைகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

88,000 என்பதும் இறுதித் தீர்ப்பல்ல. குலுக்கலில் வேறு 400 புள்ளிகள் விழுந்திருந்தால் 86,000 வந்திருக்கலாம், 91,000 வந்திருக்கலாம். இந்த ஆட்டம் எவ்வளவு என்பதை, ஆச்சரியமாக, கையில் இருக்கும் அதே 400 புள்ளிகளைக் கொண்டே கணிக்க முடியும். ஓர் அடுக்கில் எல்லாப் புள்ளியும் ஒரே விடையாக இருந்தால் ஆட்டம் குறைவு. பாதிக்குப் பாதி கலந்திருந்தால் அதிகம். எனவே ஒவ்வோர் அடுக்கிலும் நெல்லின் விகிதத்தையும் நெல் அல்லாததின் விகிதத்தையும் பெருக்கி, புள்ளிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து அதால் வகுக்கிறார்கள். முதல் அடுக்குக்கு 0.92 × 0.08 ÷ 199. இரண்டாம் அடுக்குக்கு 0.12 × 0.88 ÷ 199. ஒவ்வொன்றையும் அந்த அடுக்கின் பங்கின் வர்க்கத்தால், அதாவது 0.4 × 0.4 ஆலும் 0.6 × 0.6 ஆலும் பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 0.0158 வரும். மாவட்டப் பரப்பால் பெருக்கினால் சுமார் 3,160 ஹெக்டேர். இதுதான் திட்டப்பிழை. அதை 1.96ஆல் பெருக்கினால் 6,200.

ஆக, மதிப்பீடு 88,000 ஹெக்டேர், கூட்டியோ குறைத்தோ 6,200. நம்பிக்கை இடைவெளி 81,800 முதல் 94,200 வரை. இதே முறையில் நூறு முறை புதிதாகப் புள்ளிகள் எடுத்து நூறு இடைவெளிகள் போட்டால், சுமார் 95 இடைவெளிகளுக்குள் உண்மைப் பரப்பு அகப்படும் என்பது இதன் பொருள். வரைபடத்தின் 80,000 இந்த இடைவெளிக்கு வெளியே நிற்பதைக் கவனிக்கலாம். அதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம்.

வரைபடமே இல்லாமல், மாவட்டம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு 400 புள்ளிகள் தூவியிருந்தால்? இடைவெளி கூட்டியோ குறைத்தோ 9,700 ஹெக்டேராக இருந்திருக்கும். வரைபடம் தவறானது என்று இவ்வளவு நேரம் குறை சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: அதே தவறான வரைபடம்தான் 9,700ஐ 6,200ஆகக் குறைத்துக் கொடுத்தது. வரைபடம் மோசமாக இருந்தால் இடைவெளி அகலும், அவ்வளவுதான். மதிப்பீடு ஒரு பக்கமாகச் சாயாது.

இனி, அதே செலவில் இடைவெளியை இன்னும் சுருக்க முடியுமா என்பது கேள்வி. இதற்கான வழியை 1934இல் போலந்துக்காரரான ஜெர்சி நெய்மான் லண்டன் அரச புள்ளியியல் கழகத்தில் படித்த கட்டுரையில் காணலாம். நம்பிக்கை இடைவெளி என்ற கருத்தும், அடுக்குகளுக்குப் புள்ளிகளை எப்படிப் பங்கிடுவது என்ற விதியும் அந்த ஒரே கட்டுரையில் இருக்கின்றன. பெரிய அடுக்குக்கும், உள்ளே கலப்பு அதிகமுள்ள அடுக்குக்கும் அதிகப் புள்ளி கொடு என்பது விதி. நம் மாவட்டத்தில் ஆட்டத்தின் முக்கால் பங்கு மற்றவை அடுக்கிலிருந்துதான் வருகிறது. எனவே விதிப்படி நெல்லுக்கு 143, மற்றவைக்கு 257 என்று மாற்றிப் பங்கிடலாம். பலன்? 6,200 ஹெக்டேர் 5,950 ஆகும். பெரிய லாபமில்லை.

அனுபவசாலிகள் வேறு ஒன்றைச் செய்வார்கள். விட்டுப்போன நெல் எங்கே ஒளிந்திருக்கும் என்று யோசிப்பார்கள். நெல் என்று வரைந்த நிலத்தின் ஓரங்கள், தோப்புகளுக்கு நடுவே சிக்கிய சிறு வயல்கள், தாமதமாக நட்டதால் ரேடார் அடையாளம் அரைகுறையாகத் தெரிந்த இடங்கள். இவற்றை மட்டும் சேர்த்து 'சந்தேகம்' என்று மூன்றாவது அடுக்காக்குவார்கள். 1,20,000 ஹெக்டேரில் அது 30,000 என்று வைப்போம். மீதி 90,000 ஊர், தோப்பு, கடலோரம் எனத் தெளிவான நிலம். பழைய 200 புள்ளிகளை இரண்டுக்கும் நூறு நூறாகக் கொடுக்கலாம். சந்தேக அடுக்கில் நூற்றுக்கு 42 நெல், தெளிவான அடுக்கில் நூற்றுக்கு 2 நெல் என்று வந்தால், 12,600-உம் 1,800-உம் சேர்ந்து அதே 14,400 ஹெக்டேர். மொத்தம் அதே 88,000. ஆனால் இடைவெளி இப்போது கூட்டியோ குறைத்தோ 4,900. அடுக்கு இல்லாமல் புள்ளி தூவி இந்த நெருக்கத்தை எட்ட வேண்டுமானால் 400 போதாது. சுமார் 1,600 புள்ளிகளைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரே நிபந்தனை, புள்ளி எடுப்பதற்கு முன்பே அடுக்கு முடிவாகிவிட வேண்டும். விடைகளைப் பார்த்துவிட்டு அடுக்கின் எல்லையை நகர்த்தி எழுதும் இடைவெளிக்கு மதிப்பில்லை.

தெளிவான அடுக்கில் வந்த அந்த இரண்டு புள்ளிகள் மீது ஒரு கண் வைக்க வேண்டும். 90,000 ஹெக்டேருக்கு நூறு புள்ளி என்றால் ஒவ்வொரு புள்ளியும் 900 ஹெக்டேரைச் சுமக்கிறது. நெல் அடுக்கில் ஒரு புள்ளியின் சுமை 400 ஹெக்டேர்தான். அதனால் ஊருக்கு நடுவே எதிர்பாராமல் ஒரு புள்ளியை நெல் என்று குறித்தால், மேற்பார்வையாளர் அதை மறுபடி திறந்து பார்க்கத்தான் செய்வார். பார்க்கட்டும், ஆனால் அடுக்கில் உள்ள மற்றப் புள்ளிகளையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். தனக்குப் பிடிக்காத விடையை மட்டும் மறுபரிசீலனைக்கு அனுப்பினால் மதிப்பீடு அவர் விரும்பும் பக்கம் நகரும்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. அந்த நூறில் ஒன்றுகூட நெல் இல்லை என்று வந்தால், சூத்திரம் அந்த அடுக்கின் ஆட்டத்தைப் பூஜ்யம் என்று சொல்லிவிடும். உண்மை அப்படி இல்லை. நூறில் பூஜ்யம் வந்தால், விகிதம் மூன்று சதவீதம் வரை இருக்கலாம் என்பது புள்ளியியலில் பழகிய கணக்கு. மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இங்கே அது 2,700 ஹெக்டேர். அடுக்கு இரண்டு லட்சம் ஹெக்டேராக இருந்து பயிர் அரிதானதாகவும் இருந்தால், இந்த மறைந்த பகுதியே மொத்தப் பயிரைவிடப் பெரிதாகிவிடலாம். நிலக்கடலை, எள் போன்றவற்றைத் திட்டுத் திட்டாகப் பயிரிடும் பகுதிகளில் இந்த முறை திணறுவது இதனால்தான்.

நம்பிக்கை இடைவெளிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: குலுக்கலால் வரும் ஆட்டம். மேஜையில் உட்கார்ந்தவர் தவறாகக் குறித்தது அதற்குத் தெரியாது. பத்து நெல் புள்ளியில் ஒன்றை அவர் 'நெல் அல்ல' என்று தொடர்ந்து குறித்துவருகிறார் என்றால், 88,000 என்று நாம் எழுதுவது உண்மையில் 97,800க்கு அருகில் இருக்கும். அந்த எண் 81,800 முதல் 94,200 வரையான இடைவெளிக்கு வெளியே நிற்கிறது. புள்ளிகளை இரட்டிப்பாக்கினாலும் பயனில்லை. தவறான எண்ணைச் சுற்றி இடைவெளி இன்னும் இறுகும், அவ்வளவே.

லேசி திட்டத்தின் ஆய்வாளர்கள் இதை நேரில் சந்தித்தார்கள். வசந்தத்தில் விதைக்கும் கோதுமையும் பார்லியும் லேண்ட்சாட் படத்தில் பிரித்தறிய முடியாதபடி ஒன்றுபோல இருந்தன. கடைசியில் இரண்டையும் சேர்த்து 'சிறுதானிய வகை' என்று ஒரே பெயரில் குறித்துவிட்டு, எந்தப் பகுதியில் கோதுமையின் பங்கு எவ்வளவு என்பதைப் பழைய புள்ளிவிவரத்திலிருந்து எடுத்துப் பிரித்தார்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் குறிப்பதைவிட அது நேர்மையானது. ஆனால் அந்தப் பிரிப்பில் உள்ள பிழை இடைவெளிக்குள் வராது.

குறிப்பவரின் பிழையைக் கண்டுபிடிக்க என்ன வழி? செயற்கைக்கோள் காலத்துக்கு வெகு முன்பே இதற்கு ஒரு விடை கல்கத்தாவில் கிடைத்திருந்தது. 1930களின் இறுதியில் பி.சி. மஹலனோபிஸ் வங்கத்தின் சணல் பரப்பை மாதிரிக் கட்டங்கள் மூலம் மதிப்பிடத் தொடங்கினார். களத்துக்குப் போனவர்களின் வேலையை அவர் அப்படியே நம்பவில்லை. ஒரே பகுதிக்கு ஒன்றோடொன்று ஊடுருவிய இரண்டு தனி மாதிரிகளை எடுத்து, ஒன்றை ஒரு குழுவுக்கும் மற்றதை இன்னொரு குழுவுக்கும் கொடுத்தார். இரண்டு குழுவின் விடைகளும் குலுக்கலின் ஆட்டத்தைவிட அதிகமாக விலகினால், கோளாறு மனிதர்களிடம் இருக்கிறது என்று பொருள்.

இன்றைய புள்ளி வேலையில் ஒரே புள்ளியை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். ஒத்துப்போகாத புள்ளிகளை மூன்றாமவரோ, இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோ தீர்க்கிறார்கள். எத்தனை புள்ளியில் ஒத்துப்போகவில்லை என்பதையும், அவை எந்த அடுக்கில் குவிந்திருக்கின்றன என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். சந்தேக அடுக்கில் நூற்றுக்கு இருபது புள்ளிகளில் இருவரும் மோதிக்கொண்டார்கள் என்றால், கூட்டியோ குறைத்தோ 4,900 என்ற நெருக்கத்தை அப்படியே நம்பக் கூடாது. இருவரும் ஒரே மாதிரித் தவறு செய்தால், உதாரணமாக இருவரிடமும் மே மாதப் படம் மட்டுமே இருந்தால், ஒத்துப்போவதாலும் ஒன்றும் தெரியவராது. அதற்கு ஒரு பகுதிப் புள்ளிகளுக்காவது வண்டி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போக வேண்டும், நெல் நிற்கும்போதே.

மேகத்தால் பார்க்க முடியாத புள்ளிகள் இன்னொரு தொல்லை. 'தெரியவில்லை' என்று அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது வழக்கம். அப்படிக் கழிப்பவர், மேகத்துக்கு அடியில் இருப்பதும் வெளியில் இருப்பதும் ஒரே விகிதம்தான் என்று சொல்லாமல் சொல்கிறார். படுகையில் அதிக நாள் மேகம் நிற்பது கடலோரத்தில் என்றால், நெல் குறைவாக உள்ள பகுதியின் புள்ளிகளே அதிகம் கழியும், மதிப்பீடு ஏறும். குறைந்தபட்சம், அந்தப் புள்ளிகள் எல்லாம் நெல் என்று ஒரு தடவையும் எதுவுமே நெல் இல்லை என்று ஒரு தடவையும் கணக்குப் போட்டு, இரண்டு எண்களையும் பக்கத்தில் எழுதலாம்.

இத்தனைக்கும் பிறகு கையில் இருப்பது மாவட்டத்துக்கான ஓர் எண்ணும் அதன் இடைவெளியும். நெல் கொள்முதலுக்குச் சாக்கு, கிடங்கு, லாரி எவ்வளவு என்று திட்டமிடுபவருக்கு அது போதும். மேல் எல்லையை வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யலாம். பயிர்க் காப்பீட்டில் விஷயம் வேறு. அங்கே முக்கியப் பயிர்களுக்குக் கணக்கு கிராம அளவில் கேட்கப்படுகிறது. மாவட்டத்தில் ஐந்நூறு வருவாய்க் கிராமங்கள் என்று வைத்தால், 400 புள்ளிகளைப் பங்கிட்டால் கிராமத்துக்கு ஒன்றுகூட வராது. கிராமத்துக்கு முப்பது புள்ளி என்று போனால் 15,000 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று நிமிடம், இருவர் பார்க்க வேண்டும் என்றால் 1,500 மணி நேரம். அதற்குள் அறுவடை முடிந்துவிடும். முடித்தாலும் கிராமத்துக்குக் கிடைக்கும் இடைவெளி, அதன் நெல் பரப்பில் கணிசமான பங்காக இருக்கும்.

எனவே கிராமத்துக்கு வேறு வழியின்றி வரைபடத்தின் பிக்சலையே எண்ணுகிறார்கள். சிலர் மாவட்ட அளவில் தெரிந்த குறையை, நம் உதாரணத்தில் 80,000க்கு 8,000, எல்லாக் கிராமத்துக்கும் ஒரே விகிதத்தில் கூட்டிவிடுகிறார்கள். தோப்பு அடர்ந்த ஆற்றங்கரைக் கிராமத்தில் வரைபடம் நிறைய வயல்களை விட்டிருக்கும். திறந்த வெளிக் கிராமத்தில் அநேகமாக எதையும் விட்டிருக்காது. ஒரே விகிதத்தில் கூட்டினால் முன்னதற்குப் பற்றாது, பின்னதற்கு மிகும். அடுக்கு வாரியாகத் திருத்துவது அதைவிட மேல்: ஒரு கிராமத்தில் சந்தேக அடுக்கு 50 ஹெக்டேர் இருந்தால் அதில் 42 சதவீதத்தை, அதாவது 21 ஹெக்டேரை, நெல்லோடு சேர்ப்பது. அந்த 42 மாவட்டம் முழுவதற்குமான சராசரி. அந்தக் கிராமத்தின் 50 ஹெக்டேரை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஆகவே இப்படி வரும் கிராமப் பட்டியலில் பரப்புக்கு ஒரு பத்தி இருக்கும். இடைவெளிக்கான பத்தியைக் காலியாகத்தான் விட வேண்டியிருக்கும்.